ஹோட்டல் அறையில் கிப்லாவும் வக்தும்: குழப்பம் எங்கே, சரிசெய்வது எப்படி

தெரியாத ஊரில், இரவு நேரத்தில், ஹோட்டல் அறைக்குள் நுழைந்து முஸல்லாவை விரிக்கும்போது இரண்டு சந்தேகங்கள் ஒன்றாக வரும். எந்தப் பக்கம் நிற்பது? வக்து ஆகிவிட்டதா? இரண்டுக்கும் ஒரே ஆப்பைத் திறப்பதால் இரண்டும் ஒரே வகைச் சிக்கல் என்று தோன்றும். ஆனால் மார்க்கச் சட்டம் இரண்டையும் ஒரே மாதிரிப் பார்ப்பதில்லை. முயற்சி செய்து பார்த்துத் திசையில் தவறியவருக்குப் பெரும்பாலான மத்ஹபுகளில் வழி இருக்கிறது. வக்துக்கு முன்பே தொழுதவருக்கு எந்த மத்ஹபிலும் அந்தத் தொழுகை ஃபர்ளாகக் கூடாது. அதனால் நேரத்தில் சந்தேகம் வந்தால் சற்றுப் பிந்துங்கள். திசையில் சந்தேகம் வந்தால் முடிந்ததைச் செய்து தொழுதுவிடுங்கள், வக்தைக் கைவிடாதீர்கள். கீழே உள்ளவற்றில் உங்கள் சிக்கல் எதுவோ அந்த இடத்திலிருந்து படிக்கலாம்.

ஆப்பில் ஒரு நேரம், பள்ளிவாசல் அட்டவணையில் வேறு நேரம்

முதலில் மஃரிபைப் பாருங்கள். மற்ற நான்கு வக்துகளையும் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். மஃரிப் என்பது சூரியன் மறையும் நேரம், அதில் கருத்து வேறுபாட்டுக்கு அதிகம் இடமில்லை. போனில் உள்ள வானிலைப் பக்கத்தில் அந்த ஊரின் சூரிய அஸ்தமன நேரம் இருக்கும். ஆப் காட்டும் மஃரிபை அதோடு ஒப்பிடுங்கள். இரண்டு மூன்று நிமிடம் கூடுதலாக இருந்தால் அது ஆப் தயாரித்தவர்கள் பேணுதலுக்காகச் சேர்த்தது, பிழை அல்ல.

வித்தியாசம் சரியாக ஒரு மணி நேரம் என்றால் சூரியனைக் குறை சொல்ல வேண்டாம், கடிகாரம்தான் தப்பு. கோடை நேரத்துக்காகக் கடிகாரத்தை முன்னால் நகர்த்தும் நாடுகளில் இது சாதாரணம். போனில் நேர மண்டலத்தைத் தானாக எடுக்கும் அமைப்பு அணைந்திருக்கும், அல்லது ஆப்பினுள் பழைய ஊரின் நேர மண்டலம் கையால் குறித்து வைக்கப்பட்டிருக்கும்.

ஐந்து, பத்து, இருபது நிமிடம் என்று ஒழுங்கில்லாமல் மாறினால் ஆப் உங்களை வேறு ஊரில் இருப்பதாக நினைக்கிறது. ஹோட்டல் வைஃபையும் விபிஎன்னும் இந்த வேலையை அடிக்கடி செய்யும். கிழக்கு மேற்காக ஒரு பாகை தள்ளினால் சூரியன் 4 நிமிடம் மாறும். வைஃபையை அணைத்துவிட்டு, ஜன்னல் அருகே நின்று, இருப்பிடத்தை மறுபடி எடுக்கச் சொல்லுங்கள். அதற்கும் மசியாவிட்டால் ஊர்ப் பெயரைக் கையால் தேடிப் போடுங்கள்.

மஃரிப் ஒத்துவருகிறது, அஸர் மட்டும் ஒரு மணி நேரத்துக்கு மேல் வேறுபடுகிறது என்றால் அது மத்ஹப் அமைப்பு. ஷாஃபிஈ, மாலிகி, ஹன்பலி மூன்றிலும் ஒரு பொருளின் நிழல், நடுப்பகலில் அதற்கிருந்த நிழல் போக, அதன் உயரம் அளவுக்கு வந்ததும் அஸர் வக்து நுழைகிறது. ஹனஃபியில் பிரபலமான கருத்துப்படி இரண்டு மடங்கு. ஆப்பில் இது `Standard`, `Hanafi` என்று இரண்டாக இருக்கும். இரண்டில் எதையும் பிழை என்று சொல்ல முடியாது. உங்கள் மத்ஹப் எதுவோ அதைத் தேர்ந்தெடுக்க வேண்டியதுதான்.

மஃரிபும் சரி, அஸரும் சரி, சுப்ஹும் இஷாவும் மட்டும் ஒத்துவரவில்லை என்றால் கணக்கு முறை வேறு. சூரியன் தொடுவானத்துக்குக் கீழே எத்தனை பாகை இறங்கினால் வைகறை, எத்தனை பாகை இறங்கினால் அந்தி முடிவு என்பதில் ஒவ்வொரு அமைப்பும் ஓர் எண்ணை வைத்திருக்கிறது. உலக முஸ்லிம் லீகின் `MWL` முறை சுப்ஹுக்கு 18, இஷாவுக்கு 17 பாகை எடுக்கிறது. வட அமெரிக்க இஸ்லாமியச் சங்கத்தின் `ISNA` முறையில் இரண்டுக்கும் 15. சவூதியின் உம்முல் குரா முறையில் இஷாவுக்குப் பாகையே கிடையாது. மஃரிப் தொடங்கி 90 நிமிடம், ரமளானில் 120 நிமிடம், அவ்வளவுதான். ஊர் மாறும்போது ஆப் தானாகவே முறையை மாற்றிக்கொள்வதும் உண்டு. நீங்கள் எதையும் தொடவில்லை என்பதற்காக முறை மாறவில்லை என்று நினைக்காதீர்கள்.

இன்னொன்று. பள்ளிவாசல் சுவரில் இருக்கும் அட்டவணையில் பெரும்பாலும் இரண்டு வரிசைகள் இருக்கும். ஒன்று வக்து தொடங்கும் நேரம், மற்றது ஜமாஅத் நேரம். அவசரத்தில் படம் எடுத்து வருபவர்கள் ஜமாஅத் வரிசையைத் தொடக்க நேரம் என்று எண்ணிவிடுவார்கள். இதனால் தொழுகை பிந்துமே தவிர முந்தாது. அதனால் பெரிய கேடு இல்லை.

உயரமான கட்டடத்தில் தங்குபவர்களுக்கு ஒரு சின்னச் சேதி. மேலே போகப் போகத் தொடுவானம் தாழும், சூரியன் தாமதமாக மறையும். துபாயின் புர்ஜ் கலீஃபாவில் 80-ம் மாடிக்கு மேல் இருப்பவர்கள் 2 நிமிடமும், 150-க்கு மேல் இருப்பவர்கள் 3 நிமிடமும் பிந்தி நோன்பு திறக்க வேண்டும் என்று 2011-ல் அங்கே மார்க்க அறிவிப்பு வந்தது. ஜன்னலில் சூரியன் தெரிகிறது, ஆப்பில் மஃரிப் ஆகிவிட்டது என்றால் கண்ணால் பார்ப்பதை நம்புங்கள்.

இஷா நள்ளிரவைத் தாண்டிப் போகிறது, அல்லது காட்டவே மாட்டேன் என்கிறது

இதை ஓர் ஊரை வைத்துப் பார்த்தால்தான் விளங்கும். லண்டன், ஜூன் 21. சூரிய உதயம் காலை 4:43, அஸ்தமனம் இரவு 9:21. நள்ளிரவில் சூரியன் தொடுவானத்துக்குக் கீழே சுமார் 15 பாகைதான் இறங்குகிறது. அதற்குமேல் இறங்காமல் மறுபடி ஏறத் தொடங்கிவிடும். 18 பாகை என்று ஆப்பில் வைத்திருந்தால் அப்படி ஒரு நேரம் அன்று கிடையாது. 15 என்று வைத்தால் இஷா இரவு 12:49, சுப்ஹு 1:16. இரண்டுக்கும் நடுவில் அரை மணி நேரம்கூட இல்லை.

இந்த மாதிரி ஊர்களுக்காக ஆப்பில் `High Latitude` என்று தனியாக ஓர் அமைப்பு இருக்கும். `Middle of the Night` என்பதைத் தேர்ந்தெடுத்தால் மஃரிபுக்கும் உதயத்துக்கும் நடுப்புள்ளி இஷாவுக்கும் சுப்ஹுக்கும் எல்லையாகிவிடும். அன்றைய லண்டனில் அது 1:02. `One-Seventh` என்றால் இரவை ஏழாகப் பிரித்து முதல் பங்கு முடிந்ததும் இஷா, கடைசிப் பங்கு தொடங்கியதும் சுப்ஹு. அன்றைய இரவு 7 மணி 22 நிமிடம், ஏழில் ஒரு பங்கு சுமார் 63 நிமிடம். ஆக இஷா 10:24, சுப்ஹு 3:40. ஒரே அறை, ஒரே இரவு. ஓர் அமைப்பை மாற்றினால் இஷா இரண்டரை மணி நேரம் நகர்கிறது. அதே ஊரிலேயே இரண்டு பள்ளிவாசல்கள் வெவ்வேறு நேரம் போட்டிருப்பதற்கும் இதுதான் காரணம். அவர்களில் ஒருவருக்குக் கணக்குத் தெரியாது என்று நினைத்துவிட வேண்டாம்.

இது ஆப் வந்த பிறகு முளைத்த சிக்கலும் அல்ல. பக்தாதிலிருந்து தூதுக்குழுவில் கிளம்பி 922-ல் வோல்கா நதிக்கரையைச் சேர்ந்தடைந்த இப்னு ஃபள்லான், அரசரின் தையல்காரரோடு கூடாரத்தில் பேசிக்கொண்டே இஷா பாங்குக்காகக் காத்திருந்தாராம். பாங்கு கேட்டு வெளியே வந்தால் வைகறை. இஷா என்ன ஆயிற்று என்று முஅத்தினைக் கேட்க, அதை மஃரிபோடு சேர்த்துத் தொழுதுவிடுகிறோம் என்றாராம்.

சரி, பயணி என்ன செய்வது? அந்த ஊர்ப் பள்ளிவாசல் ஒன்றைத் தேர்ந்தெடுத்து அதன் அட்டவணையையே தங்கும் நாள் முழுதும் பின்பற்றுவது என் வழக்கம். இன்று ஒன்று, நாளை ஒன்று என்று வசதிக்கேற்பத் தாவுவதை மட்டும் தவிர்க்கிறேன். ஷாஃபிஈ மத்ஹபில் கஸ்ருக்குரிய தூரம் பயணம் செய்தவர் மஃரிபையும் இஷாவையும் ஜம்உ செய்யலாம் என்பதால், பயண நாட்களில் இந்தத் தலைவலியே வேண்டாம் என்று மஃரிபோடு முடித்துக்கொள்ள இடமிருக்கிறது. ஹனஃபிகளுக்கு ஹஜ்ஜின் அரஃபா, முஸ்தலிஃபா தவிர அப்படிச் சேர்ப்பது கிடையாது. அவர்களுக்கு உள்ளூர் அட்டவணைதான் வழி.

எதைப் பின்பற்றுவது என்றே தெரியாத முதல் நாளுக்கு ஒரு தந்திரம்: எல்லாக் கணக்கும் ஒத்துப்போகும் பகுதிக்குள் தொழுதுவிடுங்கள். மேலே சொன்ன லண்டன் நாளில் சுப்ஹை 3:40-க்கும் 4:43-க்கும் இடையில் தொழுதால் மேற்சொன்ன எந்த முறையிலும் வக்துக்குள் இருக்கும். லுஹர் 1:05-லிருந்து 5:25 வரை எல்லோருக்கும் லுஹர்தான். அஸர் 5:25-க்கு ஷாஃபிஈயில் நுழைகிறது, 6:40-க்கு ஹனஃபியில். 6:40-க்குப் பின் தொழுதால் இருவருக்கும் சரி, சூரியன் மஞ்சளாகும்வரை இழுக்க வேண்டியதில்லை. நோன்பு வைப்பவர் மட்டும் சுப்ஹில் எதிர்ப்பக்கம் போக வேண்டும். சாப்பாட்டை முதலில் வரும் நேரத்தில் நிறுத்திவிட்டு, தொழுகையைக் கடைசியில் வரும் நேரத்துக்குப் பின் வைத்துக்கொள்ள வேண்டும்.

கிப்லா முள் நிற்கவில்லை, அல்லது நகர்ந்தால் திசை மாறுகிறது

போனில் உள்ள திசைகாட்டி ஒரு காந்த உணரி, அவ்வளவுதான். மக்கா எங்கே என்று அதற்குத் தெரியாது. வடக்கு எது என்று அது சொல்கிறது, மீதியை ஆப் கணக்குப் போடுகிறது. ஹோட்டல் அறை அதற்குப் பிடிக்காத இடம். கட்டிலின் இரும்புச் சட்டம், மினி ஃபிரிட்ஜ், டிவி, மேசைக்குள் ஓடும் கம்பிகள், சுவருக்கு அப்பால் லிஃப்ட், தரையில் கான்கிரீட்டுக்குள் கம்பி. போதாததற்கு போன் உறையிலேயே காந்தம்.

சோதனை எளிது. உறையைக் கழற்றுங்கள். போனை எட்டு வடிவில் காற்றில் சில தடவை சுழற்றுங்கள். பிறகு அறையில் ஒன்றுக்கொன்று இரண்டு மீட்டர் தள்ளி மூன்று இடங்களில் நின்று, போனைத் தரைக்கு இணையாகப் பிடித்து, அது சொல்லும் பாகையைக் குறித்துக்கொள்ளுங்கள். மூன்றும் பத்துப் பாகைக்குள் வந்தால் நம்பலாம். ஓரிடத்தில் 119, இன்னோரிடத்தில் 160 என்றால் இரண்டையும் நம்ப முடியாது, சராசரி எடுப்பதில் அர்த்தமில்லை. வெளியே, வண்டிகளிலிருந்து தள்ளி, திறந்த இடத்தில் நின்று பாருங்கள். அந்தத் திசையில் இருக்கும் ஒரு கட்டடத்தையோ மரத்தையோ அடையாளம் வைத்துக்கொண்டு அறைக்கு வந்து ஜன்னலில் அதைத் தேடுங்கள்.

முள் நிலையாக நிற்கிறது, எங்கே போனாலும் ஒரே பத்துப் பன்னிரண்டு பாகை தள்ளியே காட்டுகிறது என்றால் காரணம் வேறு. காந்த வடக்கும் உண்மை வடக்கும் ஒன்றல்ல. லண்டனில் இன்று இரண்டுக்கும் ஏறக்குறைய ஒரு பாகைதான் வித்தியாசம், கவலையில்லை. நியூயார்க்கில் பன்னிரண்டு பாகைக்கு மேல். ஐஃபோனின் திசைகாட்டி அமைப்பில் `Use True North` என்பதை இயக்கிவிடுங்கள். கையில் வைத்துப் பார்க்கும் பழைய திசைகாட்டி என்றால் இதை நீங்களே கழித்துக்கொள்ள வேண்டும்.

திசைகாட்டியே வேண்டாம் என்றால்

என் அனுபவத்தில் அறைக்குள் மிக நம்பகமானது வெயில். நான் இதைக் கற்றுக்கொண்டது தவறு செய்துதான்.

ஒரு ஜூன் மாதம் லண்டனில் நானும் நண்பரும் ஒரே அறையில் தங்கினோம். நான் ஷாஃபிஈ, அவர் ஹனஃபி. மாலை வந்து சேர்ந்த களைப்பில் போனைக் கட்டில் மேல் வைத்து முள் காட்டிய பக்கம், அதாவது கதவைப் பார்த்து, முஸல்லாவை விரித்தோம். அஸர், மஃரிப், இஷா, மறுநாள் சுப்ஹு எல்லாம் அப்படியே. காலை பத்தரை மணிக்குப் பெட்டியை அடுக்கிக்கொண்டிருந்தபோது தரையில் விழுந்த வெயில் கண்ணில் பட்டது. அந்தக் காலத்தில், அந்த ஊரில், அந்த நேரத்தில் சூரியன் நிற்கும் பக்கம்தான் கிப்லா என்று எங்கோ படித்தது நினைவுக்கு வந்தது. முஸல்லா அதற்கு ஏறக்குறையக் குறுக்கே கிடந்தது.

இதன் பின்னணி இதுதான். ஆண்டில் இரண்டு முறை, மே 27 அல்லது 28-ல் சவூதி நேரம் 12:18-க்கும், ஜூலை 15 அல்லது 16-ல் 12:27-க்கும், சூரியன் கஃபாவுக்கு நேர் உச்சியில் நிற்கிறது. அந்த நொடியில் உலகில் எங்கிருந்து சூரியனைப் பார்த்தாலும் பார்க்கும் திசை கிப்லா. லண்டன் கோடை நேரத்தில் அது காலை 10:18, 10:27. மற்ற நாட்களிலும் பல ஊர்களில் பகலில் ஒரு கணம் சூரியன் கிப்லாக் கோட்டைக் கடக்கும். லண்டனிலிருந்து கிப்லா வடக்கிலிருந்து வலப்புறமாக 119 பாகை, அதாவது கிழக்குத் தென்கிழக்கு. ஜூன் 21-ல் சூரியன் அந்தப் பாகைக்கு வருவது 10:29 சுமாருக்கு. உங்கள் ஊருக்கும் நாளுக்கும் இதைக் கண்டுபிடிக்க, சூரியனின் திசைப் பாகையை மணி வாரியாகக் காட்டும் ஏதாவது ஒரு பக்கத்தைத் திறந்து, அந்தப் பாகை கிப்லாப் பாகைக்குச் சமமாகும் நேரத்தைப் பாருங்கள்.

அந்த நேரத்தில் செய்ய வேண்டியது சின்ன வேலை. ஜன்னல் சட்டத்தின் செங்குத்தான விளிம்பு தரையில் ஒரு நிழல் கோடு போடும். முஸல்லாவின் நீளப் பக்கத்தை அந்தக் கோட்டோடு ஒட்டி வைத்து, ஜன்னல் பக்கம், சூரியன் இருக்கும் பக்கம், முகம் வருமாறு நில்லுங்கள். தரையில் ஒரு சின்ன ஒட்டுத்தாள் அடையாளம் வைத்துவிட்டால் தங்கும் நாள் முழுதும் அது போதும். ஐந்து நிமிடம் முன்பின் ஆனால் சூரியன் இரண்டொரு பாகைதான் நகர்ந்திருக்கும், பதற வேண்டாம். ஆனால் சூரியன் உச்சிக்கு அருகில் நிற்கும் ஊர்களில் இந்த வழியைக் கையாளாதீர்கள். அங்கே நிமிடத்துக்கு நிமிடம் திசை ஓடும், நிழலும் கோடாக விழாது.

வெயில் இல்லை, ஜன்னல் வேறு பக்கம் என்றால் வரைபடம். கணினியில் கூகுள் மேப்பைத் திறந்து ஹோட்டல் மேல் வலது சொடுக்கி `Measure distance` கொடுத்து, அடுத்த புள்ளியை மக்காவில் வையுங்கள். கோடு வளைந்து தெரிந்தால் அதுதான் சரியான கோடு. இப்போது ஹோட்டல் கட்டடம் பெரிதாகத் தெரியும்வரை உள்ளே போனால், கோடு எந்தச் சுவரைக் கடந்து, என்ன சாய்வில் போகிறது என்று தெரியும். உங்கள் அறை கட்டடத்தில் எங்கே இருக்கிறது என்று தெரியவில்லையா? அறைக் கதவின் உட்புறம் பாருங்கள். தீ விபத்தின்போது வெளியேறும் வழி காட்டும் தளப்படம் பெரும்பாலும் அங்கே ஒட்டியிருக்கும், உங்கள் அறையையும் அதில் குறித்திருப்பார்கள். அதை மேப்பில் உள்ள கட்டட வடிவத்தோடு பொருத்துங்கள். கோடு தெருப் பக்கச் சுவரைச் சற்று இடப்புறம் சாய்ந்து கடந்தால் நீங்களும் ஜன்னலைப் பார்த்து அதே அளவு இடப்புறம் சாய்ந்து நில்லுங்கள். இதில் காந்தத்துக்கு வேலையே இல்லை.

மக்கா தென்கிழக்கில் இருக்க, ஆப் வடகிழக்கு காட்டுகிறது

வட அமெரிக்காவுக்குப் போகிறவர்கள் எல்லோரும் ஒருமுறை இதில் முட்டிக்கொள்வார்கள். டொராண்டோவில் கிப்லா 54.6 பாகை, அதாவது வடகிழக்கு. சுவரில் மாட்டிய தட்டையான உலகப் படத்தில் பார்த்தால் மக்கா டொராண்டோவுக்குத் தெற்கே, வலப்புறம் இருக்கும். படம் உருண்டையைத் தட்டையாக்கியதால் வந்த கோளாறு இது. உலக உருண்டையில் இரண்டு ஊரையும் ஒரு நூலால் இழுத்துப் பிடித்தால் நூல் டொராண்டோவிலிருந்து வடகிழக்காகக் கிளம்பும். ஆப் சரி. தென்கிழக்கு நோக்கித்தான் தொழ வேண்டும் என்று வாதிட்டவர்களும் அங்கே இருந்திருக்கிறார்கள். பள்ளிவாசலுக்குள் போனால் அந்த ஜமாஅத்தோடு அவர்கள் மிஹ்ராப் பக்கம் நின்றுவிடுங்கள், பின்வரிசையில் தனியாகத் திரும்பி நிற்க வேண்டாம்.

கூரையில் அம்பு ஒட்டியிருக்கிறது, ஆனால் போன் வேறு காட்டுகிறது

முஸ்லிம்கள் அதிகம் வாழும் நாடுகளில் ஹோட்டல் கூரையிலோ மேசை இழுப்பறைக்குள்ளோ கிப்லா அம்பு இருக்கும். முஸ்லிம் ஊரின் பழைய மிஹ்ராபை ஆராயாமல் நம்பலாம் என்று ஃபிக்ஹ் நூல்கள் சொல்லும். ஒட்டப்பட்ட அம்புக்கு அந்த அந்தஸ்து கிடையாது. பொய்க்கூரைப் பலகையைக் கழற்றித் திரும்ப மாட்டும்போது அம்பு திரும்பிவிடலாம், மேசையை இடம் மாற்றினால் இழுப்பறை அம்பும் கூடவே போகும். போனும் அம்பும் முப்பது பாகைக்குள் வேறுபட்டால் நான் அம்பை எடுத்துக்கொள்வேன், அறைக்குள் போன் அவ்வளவு தவறுவது சகஜம். எதிரும் புதிருமாகக் காட்டினால் மேலே சொன்ன மேப் வழி, இல்லையென்றால் கீழே போய் ஒருவரைக் கேட்பது.

தொழுத பிறகு, அல்லது தொழும்போதே, திசை தப்பு என்று தெரிகிறது

முதலில் எவ்வளவு தப்பு என்று பாருங்கள். தூரத்தில் இருப்பவருக்குக் கஃபா இருக்கும் திசை போதும், கஃபாவின் உருவத்துக்கே குறி வைக்க வேண்டியதில்லை என்பது ஹனஃபி உட்படப் பெரும்பாலோர் கருத்து. ஹனஃபியில் இருபுறமும் 45 பாகை வரை திசைக்குள்ளேயே கணக்கு. ஷாஃபிஈயில் கஃபாவையே நோக்க வேண்டும் என்றாலும், தூரத்தில் இருப்பவருக்கு அதை மிகைத்த எண்ணத்தால் அடைந்தால் போதும். ஆக, ஐந்து பத்துப் பாகை வித்தியாசம் தெரிந்ததும் பழைய தொழுகைகளை எண்ணத் தொடங்க வேண்டாம்.

எங்கள் விஷயம் அப்படி அல்ல, ஏறக்குறைய எண்பது பாகை. ஷாஃபிஈயில் முயற்சி செய்து தொழுதிருந்தாலும், தவறு உறுதியாகத் தெரிந்துவிட்டால் மீட்டித் தொழ வேண்டும் என்பதே வலுவான சொல். வெயில் நேரடியாகக் காட்டியதால் எனக்கு அது உறுதி, நான்கையும் களாச் செய்தேன். உறுதி இல்லாமல், முதலில் இது என்று தோன்றியது, இப்போது அது என்று தோன்றுகிறது என்ற அளவில் எண்ணம் மாறினால் மட்டும் சட்டம் வேறு. புதிய எண்ணப்படி இனித் தொழுதால் போதும், பழையது கூடும். ஒரே தொழுகையில் நான்கு ரக்அத்தும் நான்கு திசையில், ஒவ்வொன்றும் புதிய முயற்சியின் பேரில் அமைந்தாலும் களா இல்லை என்று ஷாஃபிஈ நூல்கள் எழுதி வைத்திருக்கின்றன.

ஹனஃபியில் முயன்று தொழுதவர் பிறகு தவறைத் தெரிந்துகொண்டாலும் மீட்டத் தேவையில்லை. அப்படியானால் நண்பர் தப்பித்தார் என்றுதான் நான் நினைத்தேன். அவர் தம் உஸ்தாதுக்குப் போன் செய்தார்.

"விசாரிக்க ஆள் இருந்தாங்களா இல்லையா, அதை முதல்ல சொல்லுங்க தம்பி" என்றார் அவர்.

"இருந்தாங்க ஹழ்ரத். கீழே வரவேற்புலயே ஒரு முஸ்லிம் பையன்தான் நின்னுக்கிட்டிருந்தார்."

"அப்ப கேட்டிருக்கணுமே. மீட்டிடுங்க."

கேட்டுத் தெரிந்துகொள்ள அந்த ஊர்க்காரர் அருகில் இருக்கும்போது கேட்காமல் நாமே ஊகிப்பது முயற்சியில் சேராது என்பது அங்கே நிபந்தனை. ஹன்பலியிலும் ஏறக்குறைய இதே போக்கு: பயணத்தில், வனாந்தரத்தில் முயன்று தவறியவர் மீட்ட வேண்டாம். ஊருக்குள் இருப்பவர் மீட்ட வேண்டும், ஏனென்றால் அங்கே பள்ளிவாசலும் ஆளும் இருக்கிறது. மாலிகியில் வக்து மீதமிருந்தால் மீட்டுவது விரும்பத்தக்கது. ஹோட்டல் என்றால் கீழே ஆள் இருப்பார் என்பதை இந்த நான்கிலும் மனதில் வைத்துப் படியுங்கள்.

தொழுதுகொண்டிருக்கும்போதே தெரிந்தால்? குபாவில் சுப்ஹு தொழுதுகொண்டிருந்தவர்களிடம் ஒருவர் வந்து கிப்லா மாற்றப்பட்ட செய்தியைச் சொன்னதும் அவர்கள் தொழுகையிலேயே கஃபா பக்கம் திரும்பினார்கள் என்று புகாரி, முஸ்லிம் இரண்டிலும் இருக்கிறது. இதை வைத்து ஹனஃபியிலும் ஹன்பலியிலும் அப்படியே திரும்பித் தொடரலாம். ஷாஃபிஈயில் எண்ணம் மாறினால் திரும்பித் தொடரலாம், தவறு உறுதியானால் விட்டுவிட்டுப் புதிதாகத் தக்பீர் கட்ட வேண்டும்.

எந்த முயற்சியும் செய்யாமல், சந்தேகத்தோடே ஏதோ ஒரு பக்கம் நின்று தொழுதவர் நிலை இவர்கள் எல்லோரையும்விட மோசம். தவறு என்று தெரிந்தால் எந்தச் சலுகையும் கிடையாது, மீட்டித்தான் ஆக வேண்டும்.

எதுவுமே தெரியவில்லை, வக்து போய்க்கொண்டிருக்கிறது

போன் அணைந்துவிட்டது, இரவு, மேகமூட்டம், கேட்க ஆளில்லை. இருட்டான ஓர் இரவில் பயணத்தில் இருந்த தோழர்கள் ஆளுக்கொரு பக்கம் தொழுததையும், காலையில் நபியவர்களிடம் சொன்னபோது கிழக்கும் மேற்கும் அல்லாஹ்வுக்கே உரியன என்ற 2:115 வசனம் இறங்கியதாகவும் திர்மிதியில் ஓர் அறிவிப்பு உண்டு. அதன் அறிவிப்பாளர் வரிசை பலமானதல்ல என்று இமாம் திர்மிதியே எழுதியிருக்கிறார். ஆனாலும் நடைமுறையில் எல்லா மத்ஹபும் இங்கே தொழச் சொல்கின்றன. ஹனஃபியில் மனம் சாயும் பக்கம் நின்றால் அதுவே கிப்லா. ஷாஃபிஈயில் எந்தப் பக்கமும் மனம் சாயவே இல்லை என்றால் வக்தின் கண்ணியத்துக்காக ஏதாவது ஒரு பக்கம் தொழுதுவிட்டு, தெரிந்த பிறகு மீட்ட வேண்டும்.

அதே நிலையில் சந்தேகம் நேரத்தைப் பற்றியது என்றால் செய்ய வேண்டியது தலைகீழ். வக்து நுழைந்ததா என்று தெரியாதவரை காத்திருங்கள், நுழைந்துவிட்டது என்ற எண்ணம் மிகைக்கும்வரை தக்பீர் கட்டாதீர்கள். முன்கூட்டித் தொழுதது தெரியவந்தால் எத்தனை கவனமாகக் கணித்திருந்தாலும் மீட்டித்தான் ஆக வேண்டும். காத்திருந்து வக்தே போய்விட்டதாகப் பிறகு தெரிந்தால் தொழுதது களாவாக நிறைவேறிவிடும். பகலில் இதற்கு ஒரு குச்சி போதும். நிழல் குறைந்து குறைந்து வந்து, ஓரிடத்தில் நின்று, மறுபடி நீளத் தொடங்கினால் லுஹர் நுழைந்துவிட்டது. வெயில் உச்சிக்கு நேராக நிற்காத ஊரில், மிகக் குறுகிய அந்த நிழல் விழும் கோடு சரியான வடக்கு தெற்கு. கிப்லாப் பாகை மட்டும் முன்பே குறித்து வைத்திருந்தால் திசையும் அதிலேயே கிடைத்துவிடும்.